பதினெட்டு வரி, பதினாறு நிறம்

நீங்கள் எண்ணவில்லை. நாங்கள் அனுப்பிய நிறப் பட்டியலின் கடைசி வரியில் என்ன எண் இருந்தது என்று மட்டும் பார்த்தீர்கள். பதினெட்டு என்று இருந்தது. உடனே போட்டியின் இணையதளத்தில் எங்கள் விளையாட்டுக்குக் கீழே, எல்லோரும் படிக்கும் இடத்தில், 'பதினெட்டு நிறங்கள். விதி மீறல். நீக்கப்படுகிறது. பாலெட் என்றால் என்னவென்று முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள்' என்று எழுதினீர்கள். போட்டியின் நடுவர் நீங்கள். எண்ணுவது உங்கள் வேலை. அதை நீங்கள் செய்யவில்லை.

பாலெட், அதாவது ஒரு படத்துக்கென்று எடுத்துக்கொள்ளும் நிறங்களின் தொகுதி, என்றால் என்னவென்று நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்களும் படிக்கலாம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. என் வேலையில் நிறத்துக்குக் கணக்கே கிடையாது. பின்னால் நீலம், அதற்கு மேல் தங்கம், அதற்கு மேல் ரோஜாப்பூ, அதற்கு மேல் மாமாவின் முகம். எவ்வளவு அடித்தாலும் வாடிக்கையாளர் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் கலரா பண்ணும்மா" என்பார். ஐந்து வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு நிறம் என்றாலே எரிச்சலாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் என் கல்லூரித் தோழி அந்தப் போட்டியின் அறிவிப்பை அனுப்பினாள். அவள் கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறாள். சின்னச் சின்ன சதுரப் புள்ளிகளால் வரைந்த விளையாட்டு ஒன்றைச் செய்ய வேண்டும். திரையில் தெரியும் நிறங்கள் விளையாட்டு முழுவதிலும் சேர்த்துப் பதினாறுக்கு மேல் போகக் கூடாது. தேர்வாகும் பத்து விளையாட்டுகளைச் சென்னையில் ஓர் அரங்கத்தில் பெரிய திரையில் போட்டு, வருகிறவர்களை விளையாட விடுவார்கள். கூடவே நாங்கள் பயன்படுத்திய நிறப் பட்டியலையும் தனி ஃபைலாக அனுப்ப வேண்டும்.

"நீ வரை, நான் ஓட வெக்கிறேன்" என்றாள். "பதினாறே பதினாறு கலருடி. உனுக்கு நிம்மதியா இருக்கும்."

இருந்தது. அது மட்டும் உண்மை.

என் அறை ரமணாசிரமம் பக்கம், ஒரு வீட்டின் மாடியில் பின்புறம். முன்புற அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போவார்கள். பின்புறம் மலை. காயப்போட்ட துணியை எடுக்கப் போனால் குரங்கு ஏற்கெனவே அதை எடுத்திருக்கும். அதனால் என்ன விளையாட்டு என்று யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. ஒரு பெண் கையில் பையோடு மலையைச் சுற்றி நடக்கிறாள். வழியில் குரங்குகள் பையிலிருப்பதைப் பிடுங்குகின்றன. பை காலியாவதற்குள் அவள் சுற்றி முடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி பஸ் பிடித்து வருவாள். பௌர்ணமி ஞாயிறாக வந்தால் வரமாட்டாள். அன்றைக்கு பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதலில் நிறங்களைப் பொறுக்கினேன். போனில் படம் எடுத்து, கணினியில் போட்டு, சொட்டு எடுக்கும் கருவியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு என்ன நிறம் என்று பார்த்தேன். அதற்கு முன்னால் யாராவது என்னிடம் மலை என்ன நிறம் என்று கேட்டிருந்தால் பச்சை என்றுதான் சொல்லியிருப்பேன். தினமும் பார்க்கிற மலை. தொட்டுப் பார்த்தால் பச்சை இல்லை. மத்தியானத்தில் எடுத்த படத்தில் அது மங்கிய ஊதாவும் சாம்பலும் கலந்த ஒன்று. குரங்கைப் படம் எடுத்தேன். பழுப்பு என்று நினைத்திருந்தேன். அதன் முதுகு பாசி பிடித்த சிமெண்ட் மாதிரி இருந்தது. தார்ரோடு கறுப்பே இல்லை. வெயிலில் அது கிட்டத்தட்ட வெள்ளை.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. கடைக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வாழைத்தாரின் நிழல் பக்கம் என்ன நிறம், பஸ்ஸின் அடிப்பாகம் என்ன நிறம் என்று. ஒரு வாரத்தில் என்னிடம் நாற்பத்து மூன்று நிறங்கள் சேர்ந்துவிட்டன.

"இன்னாடி இது, பெயிண்ட் கடை வெக்கப் போறியா?" என்றாள் தோழி. "பதினாறு. அதுக்கு மேல ஒண்ணு கூட ஜாஸ்தி கிடையாது."

குறைக்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒரு நிறம் ஒரே ஒரு வேலைதான் செய்கிறது என்றால் அதைத் தூக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். குங்குமச் சிவப்பு இருக்கிறது, அது பையின் சிவப்பாகவும் இருக்கட்டும். ரோட்டின் சாம்பல், சுவரின் நிழலாகவும் இருக்கட்டும். இலையின் கரும்பச்சை, பஸ்ஸின் பச்சையாக இருக்கட்டும். இருட்டு ஊதா ஒன்று வைத்தேன். அது மலையின் நிழல், இரவு வானம், அந்தப் பெண்ணின் தலைமுடி, எல்லா உருவங்களுக்கும் சுற்றுக் கோடு, குரங்கின் கண்மணி, ஐந்து வேலையும் செய்தது. கறுப்பு எனக்குத் தேவைப்படவே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அதே ரோட்டுச் சாம்பலை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகத் தெரிகிறது. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் செம்மண் மாதிரி தெரிகிறது. நிறம் மாறவில்லை. அக்கம்பக்கம்தான் மாறுகிறது. அப்படியென்றால் பதினாறு என்பது பதினாறு இல்லை, பக்கத்து வீட்டைப் பொறுத்து அது இருபத்தைந்தாகவும் ஆகும். இதை நான் ஐந்து வருடத்தில் ஃபிளெக்ஸில் ஒருமுறை கூடக் கவனித்ததில்லை. கவனிக்க அங்கே இடமே இல்லை.

நான்கு ஞாயிறுகளில் பதினாறுக்கு வந்தேன்.

குரங்கை வரைந்தேன். சுற்றுக் கோடு, கண்மணி, ரோமத்துக்கு மூன்று அளவு, அதாவது நிழல், நடு, வெளிச்சம். முகத்துக்கு இளஞ்சிவப்பு, முகத்தின் நிழல், கண்ணின் வெள்ளை. ரோமத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு ஒரு இளம்பழுப்பு வைத்திருந்தேன். முகத்தின் நிழலுக்கும் அதையே வைத்தேன். நன்றாகப் பொருந்தியது. எட்டு வேலை, ஆறு நிறம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் தப்பு இருந்தது, அது அப்போது தெரியவில்லை.

விளையாட்டில் மூன்று வகைக் குரங்கு வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். சாதாரணக் குரங்கு ஒரு பொருளைப் பிடுங்கும். வேகமான குரங்கு பின்னாலேயே ஓடிவரும். பெரிய குரங்கு பையையே இழுக்கும். மூன்றையும் தனித்தனியாக வரைந்தால் ஒவ்வொன்றுக்கும் நடப்பது, தாவுவது, பிடுங்குவது என்று பன்னிரண்டு படம் வேண்டும். மூன்றுக்கும் முப்பத்தாறு. எனக்கு வேலை இருக்கிறது.

"ஒண்ணு போதும்" என்றாள் தோழி. "நீ வரையற படத்துல கலரே கிடையாதுடி. நம்பர்தான் இருக்குது. ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு எந்தக் கலருன்றது பட்டியல்ல தனியா இருக்குது. நான் பட்டியலை மாத்துனா அதே குரங்கு வேற குரங்கு ஆயிடும்."

"அப்ப நான் வரைஞ்சது இன்னா, குரங்கு இல்லியா?"

"குரங்குதான். சட்ட போடாத குரங்கு. சட்ட நான் போடறேன்."

ரோமத்தின் மூன்று எண்களுக்கும் சாம்பல் குடும்பத்து நிறங்களைக் கொடுத்தாள். எல்லாம் அதே பதினாறுக்குள்தான். புதிதாக எதுவும் இல்லை. ஒரு பட்டனை அழுத்தினாள். பழுப்புக் குரங்கு சாம்பல் குரங்கானது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். பிறகு முகத்தைப் பார்த்தேன்.

கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரண்டு பக்கமும், வெளிர் சாம்பல் திட்டு.

"ஐயோ, பவுடர் போட்டுனு வந்துட்டுதுடி" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "கல்யாணத்துக்குக் கெளம்பிட்டுது."

"சிரிக்காத. உன் புரோகிராம் தப்பு. முகத்த ஏன் மாத்துது?"

"என் புரோகிராம் ஒண்ணும் தப்பில்ல. ரோமத்தோட வெளிச்சத்துக்கும் முகத்தோட நிழலுக்கும் நீ ஒரே நம்பரு குடுத்துக்கீற. நான் அந்த நம்பர மாத்துனா ரெண்டும்தான் மாறும். அதுக்கு இன்னா தெரியும், எது முகம் எது முதுகுன்னு?"

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். கீழே வீட்டுக்காரம்மா, "இன்னா சத்தம் அங்க?" என்றார். "குரங்கும்மா" என்று தோழி பதில் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

முகத்தின் நிழலுக்கு வேறு நிறம் வைத்துப் பார்த்தேன். சிவப்பு வைத்தால் காய்ச்சல் வந்த குரங்கு. ஊதா வைத்தால் யாரோ அடித்த குரங்கு. ஆரஞ்சு வைத்தால் முகமே காணாமல் போகிறது. அந்த இளம்பழுப்புதான் சரி. வேறு இளம்பழுப்பு வேண்டும் என்றால் அது பதினேழாவது நிறம். விதி விடாது. இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. தோழி சாதாரணக் குரங்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றாள். ஒரே மாதிரிக் குரங்கு என்றால் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும், விளையாடுகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். அப்புறம் அது விளையாட்டே இல்லை. நான் மாட்டேன் என்றேன்.

விடை கடையில் கிடைத்தது. ஒரு காதுகுத்து பேனர். மேலே குழந்தையின் பெயர் சிவப்பில், கீழே தாய்மாமன் பெயரும் அதே சிவப்பில். தாய்மாமனே வந்து நின்று, "என் பேரு மட்டும் மஞ்சளாக்கும்மா, கொழந்த பேரு அப்டியே இருக்கட்டும்" என்றார். ஆக்கினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. இரண்டு பெயரும் தனித்தனியாக இருந்தன, நிறம் மட்டும்தான் ஒன்று. கையை மௌசில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாய்மாமன், "இன்னாம்மா, மஞ்சா புடிக்கலியா?" என்று கேட்டார்.

தோழிக்குப் போன் செய்தேன். "ஏய், ரெண்டு நம்பர் வெச்சு, ரெண்டுக்கும் ஒரே கலரு குடுத்தா உன் புரோகிராம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்" என்றாள். "நம்பருதான் வேற, கலரு ஒண்ணு. தாராளமா ஒத்துக்கும். இத நான் சொல்லிருக்கணும்டி. நான்தான புரோகிராம் எழுதறவ."

"ஆமா. நீதான் சொல்லிருக்கணும்."

பட்டியலில் பதினேழாவது வரி ஒன்று சேர்த்தேன். அதில் அதே இளம்பழுப்பு. எட்டாவது வரியில் இருந்த அதே ஆறு எழுத்துக் குறியீடு, கணினி அந்த நிறத்துக்கு வைத்திருக்கும் பெயர். இனி முகத்தின் நிழல் பதினேழு, ரோமத்தின் வெளிச்சம் எட்டு. எட்டை மாற்றினாலும் பதினேழு அசையாது.

ஆனால் ஏற்கெனவே வரைந்த பன்னிரண்டு படங்களிலும் முகப் புள்ளிகளை எட்டிலிருந்து பதினேழுக்கு மாற்ற வேண்டும். மொத்தமாக மாற்றினால் முதுகும் மாறிவிடும். கையால்தான் செய்ய வேண்டும். செய்ய உட்கார்ந்தால் இன்னொரு கூத்து. எட்டும் பதினேழும் ஒரே நிறம் என்பதால், எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று கண்ணுக்குத் தெரியவில்லை. புள்ளி வைக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. வைக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. கடைசியில் பதினேழாவது வரிக்குத் தற்காலிகமாகக் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் கொடுத்தேன். இப்போது மாற்றிய புள்ளியெல்லாம் ரோஸாகத் தெரிந்தது. பன்னிரண்டு படமும் முடித்துவிட்டு, பதினேழாவது வரியைத் திரும்ப இளம்பழுப்பாக்கினேன். ரோஸ் போய்விட்டது. குரங்கு பழைய குரங்காக உட்கார்ந்திருந்தது, எதுவுமே நடக்காத மாதிரி. நான் செய்த வேலை எங்கேயும் தெரியவில்லை. நீங்கள் பார்க்காமல் விட்டது அந்த வேலையைத்தான்.

சாம்பல் குரங்கு சரியாக வந்தது. முகம் முகமாகவே இருந்தது. பெரிய குரங்குக்குச் செம்பழுப்பு கொடுத்தேன். கோபக்காரக் குரங்கு, சிவப்பாக இருக்கட்டும் என்று. என் கணினியில் பார்க்க மிரட்டலாக இருந்தது. போனில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய் ஓனர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் வாசலில் வெயிலில் நின்றபடி விளையாடினார்.

"இன்னாம்மா, இந்தக் கொரங்கு ஒரு வாட்டி பழம் எடுக்குது, ஒரு வாட்டி பையையே புடுங்குது? ஒரு நியாயம் வாணாமா?"

"அது வேற கொரங்குண்ணே. அது செவப்பு."

"எங்க செவப்பு? ரெண்டும் ஒண்ணுதான."

எனக்குக் கோபம் வந்தது. அவர் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். போனை வாங்கி நானே வெயிலில் நின்று பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. உள்ளே வந்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பழுப்புக் குரங்கும் செம்பழுப்புக் குரங்கும் அச்சு அசலாக ஒரே சாம்பல். நிறம் வேறு, வெளிச்ச அளவு ஒன்று. சின்னத் திரையில், வெயிலில், கண் முதலில் பிடிப்பது எது இருட்டு எது வெளிச்சம் என்பதைத்தான். அது சிவப்பா பழுப்பா என்பது அப்புறம். அதன் பிறகு எந்தக் குரங்கையும் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தேன்.

பெரிய குரங்கை இருட்டாக்கினேன். ரோமத்துக்கு இருட்டு ஊதாவும் அதற்கு அடுத்த இரண்டு நிறங்களும். கறுப்பு வெள்ளையில் மூன்று குரங்கும் மூன்று தனி ஆளாக நின்றன. ஆனால் மலைக்கு முன்னால் அது காணாமல் போயிற்று. மலையின் நிழல், ரோமத்தின் நிழல், சுற்றுக் கோடு, எல்லாம் அதே இருட்டு ஊதா. அதற்கு மட்டும் சுற்றுக் கோட்டை வெளிரச் செய்தேன். உடனே கண்மணியும் வெளிறிப்போயிற்று. கோடும் கண்மணியும் ஒரே எண்.

தோழி பார்த்துவிட்டு, "கண்ணுல பூ விழுந்த கொரங்கு, பாவம்" என்றாள். "பை எங்க இருக்குதுனே அதுக்குத் தெரியாது."

இந்த முறை நாங்கள் சண்டை போடவில்லை. பதினெட்டாவது வரி. அதில் இருட்டு ஊதா, முதல் வரியில் இருக்கும் அதே குறியீடு. இனி கண்மணி பதினெட்டு. ஒரு மாலையில் முடித்துவிட்டேன்.

பட்டியலில் பதினெட்டு வரி. நிறம் பதினாறு. எட்டும் பதினேழும் ஒன்று. முதல் வரியும் பதினெட்டும் ஒன்று. இதைச் சொல்ல நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். பார்க்க உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

அனுப்பினோம். தோழி வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அம்மா, "மெட்ராஸ்ல பெரிய திரையில போடுவாங்களாமே" என்று பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டார். தேர்வானால் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. தேர்வுப் பட்டியல் வருவதற்கு முன்பே நீங்கள் எழுதியது வந்தது. நான் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி செய்துகொண்டிருந்தேன்.

விலக்கியதோடு நிற்கவில்லை. உங்களுக்குக் கீழே மற்றவர்கள் வந்தார்கள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று எங்கள் அறிமுகத்தில் எழுதியிருந்தோம். ஒருவர், 'ஃபிளெக்ஸ் கடையில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது போல' என்று எழுதினார். இன்னொருவர், 'ஒரே குரங்குக்குச் சாயம் அடித்து மூன்று என்கிறார்கள், எண்ணிக்கையும் ஏமாற்று' என்று எழுதினார். அவருக்கும் நீங்கள் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நான் பார்த்தேன்.

தோழி போனில் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தேகம். ஒருவேளை நாங்கள்தான் தப்போ? பட்டியலை விடு, திரையில் உண்மையிலேயே எத்தனை? அவளை விளையாட்டிலிருந்து நூறு படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நிறங்களை எண்ண ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தந்தாள். ஓட்டினேன். முதல் படத்தில் மட்டும் எழுநூற்றுச் சொச்சம் நிறம் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுநூறு, எழுநூறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகளின் ஓரமெல்லாம் அழுக்காக இருந்தது. போனிலிருந்து மெசேஜில் அனுப்பியிருந்தாள். போன் படத்தைத் திரைக்கேற்ப இழுத்தபோது பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துவிட்டது. மெசேஜ் அதைச் சுருக்கி இன்னும் கலந்துவிட்டது. அந்த எழுநூறும் எங்களுடையது இல்லை.

"லூசு" என்றேன். "மெசேஜ்ல அனுப்புனா கலரு கெட்டுப்பூடும்னு உனுக்குத் தெரியாதா?"

"அழுதுனே அனுப்புனேன்டி" என்றாள்.

அடுத்த ஞாயிறு நேரில் வந்தாள். விளையாட்டே தன் உண்மையான அளவில் வரைந்து முடித்த படத்தை, திரைக்கு இழுப்பதற்கு முன்னால், நேராக ஃபைலாக எடுத்தோம். ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், மூன்று குரங்கும், பகலும் இரவும், எல்லாம். ஓட்டினோம். பதினாறு. மறுபடியும் ஓட்டினோம். பதினாறு. அவள் எழுந்துபோய் ஜன்னலில் உட்கார்ந்திருந்த நிஜக் குரங்கைப் பார்த்து, "கேட்டியா, பதினாறு" என்றாள். அது அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தது.

அவளுக்கு அதோடு விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. "அந்த ரெண்டு வரியும் ஒண்ணுதான்னு ஒரு குறிப்பு போட்டிருக்கலாம்டி. நாம போடல" என்றாள். ஆமாம், போடவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் விதியில் 'திரையில் தெரியும் நிறங்கள்' என்றுதான் இருக்கிறது. பட்டியலின் வரிகள் என்று இல்லை. எழுதியது நீங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து உங்களுக்கு மெயில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, எனக்கு மட்டும். நான் அதை அப்படியே இங்கே போடவில்லை, தனியாக அனுப்பியதைத் தூக்கி வெளியில் போடுவது எனக்குப் பழக்கமில்லை. சாரத்தை மட்டும் சொல்கிறேன். நான் சொல்வது சரியாக இருக்கலாம் என்றீர்கள். ஒரே நிறம் இரண்டு முறை வந்திருப்பதைக் கவனிக்கவில்லை என்றீர்கள். ஆனால் பத்துப் பெயர் முடிவாகிவிட்டது, இதைப் பெரிதாக்க வேண்டாம், அடுத்த முறை அனுப்புங்கள், வேலை நன்றாகவே இருக்கிறது என்றீர்கள்.

தோழி அதைப் படித்துவிட்டு, "பாரு, ஒத்துக்கிட்டாரு இல்ல? போதும்" என்றாள்.

"எங்க ஒத்துக்கிட்டாரு? என் காதுல வந்து ஒத்துக்கிட்டாரு. திட்டுனது மைக்ல."

அவள் மெயிலை மூடினாள். "எங்கம்மா இன்னும் கேட்டுனே கீறாங்கடி, எப்ப மெட்ராஸ் போறோம்னு" என்றாள். "பதினெட்டுன்னு அவரு எழுதனத எங்கண்ணன் படிச்சிட்டான். கலரு எண்ணத் தெரியலியான்னு கேக்கறான். எழுது நீ. என் பேரையும் சேத்துக்கோ." பேர் எதுவும் போடாமல் எழுதுகிறேன். ஆனால் இது இரண்டு பேர் எழுதுவது.

பத்தில் ஓர் இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது போய்விட்டது. யாரோ பத்துப் பேர் தங்கள் வேலையோடு அந்த அரங்கத்துக்குப் போவார்கள், நன்றாகப் போகட்டும். நான் கேட்பது வேறு. எங்கள் விளையாட்டின் பக்கத்தில் நீங்கள் எழுதிய வாக்கியம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே சிரித்தவர்களும் அப்படியே இருக்கிறார்கள். நான் இன்று காலையில் கூடப் பார்த்தேன். புதிதாக யார் வந்தாலும் முதலில் படிப்பது அதைத்தான்.

அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. திறந்து வையுங்கள். முதல் வரியையும் பதினெட்டாவது வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டையும் பதினேழையும் வைத்துப் பாருங்கள். பிறகு எத்தனை நிறம் என்று சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம். பதினெட்டு என்று எங்கே எழுதினீர்களோ அதே இடத்தில், அதற்கு நேர் கீழே, எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். எத்தனை?